பங்கு வாங்கும் முன் லாபத்தையும் கடனையும் சோதிப்பது: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் தெற்கில் தொழிற்சாலைகளின் கணக்குப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். ஓய்வு பெறும்போது கைக்கு வரும் தொகையில் ஒரு பகுதியை ஜொஹானஸ்பர்க் பங்குச் சந்தையில் போட நினைக்கும் உறவுக்காரர்களும், கோயிலில் பார்க்கிற பழைய சிநேகிதர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று இதில் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனி காட்டும் லாபம் பணமாக மாறியதா, மாறாத இடத்தைக் கடன் வாங்கி நிரப்பினார்களா என்ற ஒரே விஷயத்தைத்தான் பார்க்கப் போகிறோம்.

கம்பெனி வருஷா வருஷம் லாபம் காட்டுது, டிவிடெண்டும் கொடுக்குது. அதுக்கு மேல பாலன்ஸ் ஷீட்டை ஏன் பார்க்கணும்?

லாபம் எழுதப்படுவது பணம் வந்த நாளில் இல்லை. சரக்கு கைமாறியது என்று பில் போட்ட நாளிலேயே விற்பனை கணக்கில் ஏறிவிடும். பணம் மூன்று மாதம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அதுவரை அந்தத் தொகை பாலன்ஸ் ஷீட்டில் 'வரவேண்டிய பாக்கி' என்ற வரியில் உட்கார்ந்திருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பிப்ரவரி கடைசியில் கணக்கு ஆண்டு முடியும். அந்தக் கடைசி வாரத்தில் முற்றத்தில் பலகை மேல் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி வைத்த சரக்கின் மீது வாடிக்கையாளர் பெயர் எழுதிய சீட்டை ஒட்டுவார்கள். லாரி வந்திருக்காது. வாடிக்கையாளர் ஆர்டரை உறுதி செய்திருக்கக்கூட மாட்டார். ஆனால் பில் போட்டாகிவிடும். மார்ச் இரண்டாவது வாரத்தில் அதே பில்களை ரத்து செய்து கிரெடிட் நோட் போடும் வேலை என் மேசைக்கு வரும். பிப்ரவரி விற்பனை அமோகம், வருஷ லாபம் அமோகம், மேலாளர்களுக்கு போனஸ். வங்கிக் கணக்கில் மட்டும் ஒரு ராண்ட்கூட ஏறியிருக்காது. லாப நட்டக் கணக்கை மட்டும் படிக்கிற வெளி ஆளுக்கு இது எதுவும் தெரியாது. பாக்கி வரியையும் பணப்புழக்க அறிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே ஓட்டை தெரியும்.

எந்தக் காகிதத்தை எடுக்கணும்? செய்தியில வர்ற ரிசல்ட்டே போதாதா?

போதாது. பங்குச் சந்தையின் சென்ஸ் சேவையில் வெளியாகும் சுருக்க அறிவிப்பில் பெரும்பாலும் விற்பனை, ஒரு பங்குக்கான லாபம், டிவிடெண்ட் ஆகிய சில எண்கள்தான் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதிக்குப் போய், தணிக்கை செய்த முழு ஆண்டுக் கணக்கை இறக்கிக் கொள்ளுங்கள். வழவழப்பான படங்களோடு வரும் ஆண்டறிக்கை வேறு, இது வேறு. இதில் நூறு பக்கத்துக்கு மேலும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். நமக்குத் தேவை பாலன்ஸ் ஷீட், பணப்புழக்க அறிக்கை, அப்புறம் பாக்கியைப் பற்றியும் கடனைப் பற்றியும் வரும் இரண்டு குறிப்புகள். ஒவ்வொரு அறிக்கையிலும் போன வருடத்து எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். ஆகவே ஒரு வருடம் விட்டு ஒரு வருடமாக இரண்டு அறிக்கைகளை எடுத்தாலே நான்கு வருடம் கிடைத்துவிடும்.

சரி, எடுத்தாச்சு. முதல்ல எந்த எண்ணைப் பார்க்கிறது?

ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கட்டுமானத் தொழிலுக்குக் குழாய் செய்து விற்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நானே போட்டவை. எல்லாம் மில்லியன் ராண்டில்.

| | முதல் வருடம் | இரண்டாம் வருடம் | மூன்றாம் வருடம் |
|---|---|---|---|
| விற்பனை | 1,000 | 1,150 | 1,300 |
| நிகர லாபம் | 80 | 95 | 110 |
| வரவேண்டிய பாக்கி | 150 | 220 | 340 |
| சரக்கு இருப்பு | 120 | 150 | 190 |
| கொடுக்க வேண்டிய பாக்கி | 110 | 125 | 130 |

மேல் இரண்டு வரிகளை மட்டும் பார்த்தால் அருமையான கம்பெனி. லாபம் இரண்டு வருடத்தில் 80-லிருந்து 110-க்குப் போயிருக்கிறது.

இப்போது மூன்றாவது வரிக்கு வாருங்கள். பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், விற்ற சரக்குக்குப் பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். முதல் வருடம் 55 நாள், இரண்டாம் வருடம் 70 நாள், மூன்றாம் வருடம் 95 நாள். விற்பனை முப்பது சதவீதம் வளர்ந்தபோது பாக்கி இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. அப்படியானால் ஒன்று, பணம் கொடுக்க முடியாதவர்களுக்கும் சரக்கு விற்கிறார்கள். அல்லது, இன்னும் நடக்காத விற்பனையை எழுதுகிறார்கள். இல்லையென்றால் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கையை விரித்துவிட்டார், அதை ஒப்புக்கொள்ள இவர்களுக்கு மனமில்லை.

அடுத்தது பணம். மூன்றாம் வருடத்தில் லாபம் 110. அதோடு தேய்மானம் 35-ஐக் கூட்டுங்கள், ஏனென்றால் அது காகிதச் செலவு, கையிலிருந்து போவதில்லை. 145 ஆகிறது. பாக்கி 120 கூடியிருக்கிறது, அந்தப் பணம் உள்ளே வரவில்லை. சரக்கு 40 கூடியிருக்கிறது, அதற்குக் கையிலிருந்து செலவழித்தார்கள். கொடுக்க வேண்டியது 5 கூடியிருக்கிறது, அந்த அளவு பணம் கையில் தங்கியது. 145-லிருந்து 120-ஐயும் 40-ஐயும் கழித்து 5-ஐக் கூட்டினால், மைனஸ் 10. லாபம் 110 மில்லியன் என்று அறிவித்த வருடத்தில், தொழிலிலிருந்து 10 மில்லியன் வெளியே போயிருக்கிறது.

இரண்டாம் வருடத்தையும் இதே மாதிரி போட்டால் (தேய்மானம் 32) பணம் 42 வரும். ஆக இரண்டு வருடத்தில் லாபம் 205, பணம் 32. ஒரு வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஒரு பெரிய பில்லுக்கான பணம் கணக்கு ஆண்டு முடிந்த பிறகு வந்திருக்கலாம். ஆனால் மூன்று, நான்கு வருடத்தைக் கூட்டியும் லாபத்துக்கும் பணத்துக்கும் இப்படிப் பள்ளம் இருந்தால், நான் அந்தப் பங்கை அங்கேயே விட்டுவிடுவேன்.

பாக்கி கூடினாலே தப்பா? சில தொழில்ல கடனுக்கு விற்றால்தானே ஓடும்?

தப்பு என்று சொல்லிவிட முடியாது. தவணைக்கு மேசை நாற்காலி விற்கும் கடைகளுக்குப் பாக்கிதான் தொழிலே, வட்டி அங்கிருந்துதான் வருகிறது. வேகமாக வளரும் நல்ல கம்பெனிக்கும் பாக்கி கூடத்தான் செய்யும். ஆனால் விற்பனையின் வேகத்தைத் தாண்டி அது ஓடக்கூடாது.

சந்தேகம் வந்தால் பாக்கியைப் பற்றிய குறிப்புக்குப் போங்கள். எந்தப் பாக்கி கெடுவுக்குள் இருக்கிறது, எது முப்பது நாள் தாண்டியது, எது தொண்ணூறு நாள் தாண்டியது என்று வயதுவாரியாக அங்கே பிரித்திருப்பார்கள். பக்கத்திலேயே, வராமல் போகலாம் என்று அவர்களே ஒதுக்கிய தொகையும் இருக்கும். நம் குழாய் கம்பெனியில் தொண்ணூறு நாள் தாண்டிய பாக்கி முதல் வருடம் 12, ஒதுக்கியது 6, அதாவது பாதி. மூன்றாம் வருடம் தாண்டியது 95, ஒதுக்கியது 14, அதாவது ஏழில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கி பழசாகிக் கொண்டே போகிறது, ஒதுக்கீடோ மெலிந்துகொண்டே போகிறது. முதல் வருடத்து அளவில் பாதியை ஒதுக்கியிருந்தால் 33 மில்லியனுக்கு மேல் லாபத்திலிருந்து போயிருக்கும். வரிக்கு முந்தைய லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஓர் ஊகத்தில் நிற்கிறது.

'அரசாங்கம்தான் வாடிக்கையாளர், பணம் எங்கே போகும்?' என்று சிலர் சொல்வார்கள். நகராட்சிகள் பில் கிடைத்த முப்பது நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்கச் சட்டமே சொல்கிறது. அந்த முப்பது நாள் எத்தனை மாதமாக நீளும் என்பது நகராட்சிக்குச் சாமான் விற்ற எவருக்கும் தெரியும். பணம் ஒருநாள் வரலாம். அதுவரை வங்கிக்கு வட்டி கட்டுவது கம்பெனிதான்.

பருவத்தையும் மனசில் வையுங்கள். நம் மாகாணத்தில் கரும்பு ஆலைகள் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அரைக்கும். அப்படிப்பட்ட தொழிலில் செப்டம்பர் கணக்கை மார்ச் கணக்கோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். செப்டம்பரை முந்தின செப்டம்பரோடு ஒப்பிடுங்கள்.

பணப்புழக்க அறிக்கையில 'தொழிலிலிருந்து உருவான பணம்' பெரிசா இருக்கே, அப்புறம் என்ன கவலை?

அந்த வரி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நம் நாட்டுக் கம்பெனிகள் பல, அறிக்கையின் உச்சியில் முதலில் காட்டும் தொகை வட்டியும் வரியும் கட்டுவதற்கு முந்தையது. சிலர் பாக்கி, சரக்கு மாற்றத்தைக் கழிப்பதற்கு முந்தைய தொகையையே தனி வரியாகக் காட்டுவார்கள். தலைவரின் கடிதத்தில் புகழப்படுவது பெரும்பாலும் அந்தத் தொகைதான். நீங்கள் விரலை வைத்துக் கீழே இறங்குங்கள். பாக்கி, சரக்கு மாற்றம் கழிந்ததா, வட்டி கழிந்ததா, வரி கழிந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் கழிந்த பிறகு நிற்கும் தொகையை நிகர லாபத்தோடு ஒப்பிடுங்கள்.

இதில் இன்னொரு சிக்கல். இதுவரை இருந்துவரும் சர்வதேசக் கணக்கு விதிப்படி, கட்டிய வட்டியையும் கொடுத்த டிவிடெண்டையும் தொழில் பகுதியில் காட்டலாம், நிதி திரட்டும் பகுதியிலும் காட்டலாம். ஒரு கம்பெனி வட்டியை மேலே கழிக்கும், இன்னொன்று கீழே தள்ளும். இரண்டின் 'தொழில் பணத்தையும்' அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்கு ஆண்டுகளில் ஐ.எஃப்.ஆர்.எஸ் 18 என்ற புதுக் கணக்கு விதி வருவதால் பெரும்பாலான கம்பெனிகளுக்கு இந்தச் சுதந்திரம் போய்விடும். அதுவரை நீங்களே ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டியதுதான்.

வாடகைக் கடைகள் அதிகம் உள்ள கம்பெனி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2019-லிருந்து ஐ.எஃப்.ஆர்.எஸ் 16 விதிப்படி, நீண்டகால வாடகையில் பெரும்பகுதி கடன் திருப்பிக் கொடுப்பதுபோல நிதிப் பகுதியில் காட்டப்படுகிறது. மாதா மாதம் மால்காரருக்குக் கொடுக்கும் பணம்தான். ஆனாலும் தொழில் பணத்தில் அது கழியாது. நிதிப் பகுதியில் 'குத்தகைக் கடன் திருப்பியது' என்று வரும் தொகையை நீங்களே எடுத்துவந்து கழித்துக்கொள்ளுங்கள்.

கடன் எவ்வளவு இருந்தா ஆபத்து?

இது தொழிலைப் பொறுத்தது. நம் குழாய் கம்பெனிக்கே திரும்பி வருவோம், ஏனென்றால் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

இரண்டு வருடத்தில் தொழிலிலிருந்து வந்த பணம் 32. அதே இரண்டு வருடத்தில் இயந்திரம் வாங்க 135 செலவழித்தார்கள், டிவிடெண்ட் 75 கொடுத்தார்கள். மொத்தம் 210. வந்தது 32, போனது 210, இடையிலுள்ள 178 கடனாக வந்தது. முதல் வருடம் 200 ஆக இருந்த நிகரக் கடன், அதாவது மொத்தக் கடனிலிருந்து கையிருப்பைக் கழித்தது, மூன்றாம் வருடம் 378 ஆகிவிட்டது. பங்குதாரர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்ட டிவிடெண்ட் வங்கியின் பணம்.

இப்போது எல்லாரும் பார்க்கும் விகிதத்தைப் பாருங்கள். வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம், அதை எபிட்டா என்பார்கள், மூன்றாம் வருடம் 223 என்று வைத்துக்கொள்வோம். 378-ஐ 223-ஆல் வகுத்தால் 1.7. 'ரெண்டுக்குக் கீழே, பாதுகாப்பு' என்று ஆய்வறிக்கைகள் எழுதும்.

ஆனால் அந்த 223-க்குள்தான் வராத பாக்கியும் லாபமாக உட்கார்ந்திருக்கிறது. 340 பாக்கியில் 80 வராது என்று ஒரு நாள் ஒப்புக்கொள்ள நேர்ந்தால், 223 என்பது 143 ஆகும். 378-ஐ 143-ஆல் வகுத்தால் 2.6. வங்கியோடு செய்த ஒப்பந்தத்தில் இந்த விகிதம் 2.5-ஐத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை இருந்தால், அதே நாளில் நிபந்தனை உடைந்துவிடும். வங்கி கடனை உடனே திருப்பிக் கேட்கும் உரிமையைப் பெறும். கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டும், பழைய பங்குதாரரின் பங்கு நீர்த்துப் போகும். லாபத்தின் தரத்தைப் பார்க்காமல் கடனை மட்டும் அளக்க முடியாது என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். இரண்டும் ஒரே நூலின் இரண்டு முனைகள்.

கடன் பற்றிய குறிப்பில் மூன்று விஷயம் தேடுங்கள். அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் திருப்பவேண்டியது எவ்வளவு, அதற்கு ஈடாகக் கையிருப்பும் எடுத்துக்கொள்ளாத வங்கி வரம்பும் எவ்வளவு என்பது முதலாவது. வங்கி நிபந்தனை என்ன, அதற்கு எவ்வளவு அருகில் நிற்கிறார்கள் என்பது இரண்டாவது. எந்த நாணயத்தில் வாங்கிய கடன் என்பது மூன்றாவது. ராண்டில் சம்பாதித்து டாலரில் கடன் கட்டும் கம்பெனிக்கு, ராண்ட் விழுந்தால் தன் தப்பு ஒன்றுமில்லாமலே கடன் வீங்கும்.

கடனை மறைச்சு வைக்க முடியுமா?

முடியும். சில சமயம் சட்டப்படியே முடியும்.

எளிதானது, கணக்கு முடியும் நாளுக்கு மட்டும் கடனைக் குறைத்துக் காட்டுவது. கடைசி வாரத்தில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்காமல் இழுப்பார்கள், வாடிக்கையாளர்களிடம் கழிவு கொடுத்து வசூலிப்பார்கள். பிப்ரவரி 28 அன்று கடன் இளைத்திருக்கும், மார்ச் 10 அன்று பழைய எடைக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு உண்டு. வருடத்தில் கட்டிய வட்டியை, ஆண்டுத் தொடக்கக் கடனுக்கும் முடிவுக் கடனுக்கும் சராசரி எடுத்து அதனால் வகுங்கள். நம் கம்பெனியின் நிகரக் கடன் இரண்டாம் வருட முடிவில் 258, மூன்றாம் வருட முடிவில் 378 என்றால் சராசரி 318, வட்டி 38 என்றால் 12 சதவீதம். இது நம்பக்கூடியது. வட்டி 60 ஆக இருந்தால் 19 சதவீதம் வரும். அந்த வட்டிக்கு எந்த நல்ல கம்பெனியும் கடன் வாங்காது. நடுவருடத்தில் கடன் இதைவிட வெகு அதிகமாக இருந்திருக்கிறது என்றே அர்த்தம்.

இன்னொன்று, சப்ளையர் பணத்தை வங்கி முன்கூட்டியே கொடுத்துவிட்டு, கம்பெனியிடம் பிறகு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. உண்மையில் அது வங்கிக் கடன். ஆனால் 'கொடுக்க வேண்டிய பாக்கி' வரியில் சாதுவாக நிற்கும். 2024-லிருந்து இதைக் குறிப்புகளில் தனியாகச் சொல்லியாக வேண்டும். கொடுக்க வேண்டிய பாக்கி காரணமில்லாமல் வளர்ந்தால் அந்தக் குறிப்பைத் தேடுங்கள்.

'ஹெட்லைன்' வருமானம்னு ஒண்ணு போடறாங்களே, அது சுத்தமான லாபம்தானே?

பாதி சுத்தம். ஜொஹானஸ்பர்க் சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் இதைக் கட்டாயம் வெளியிட வேண்டும். பழைய கட்டடத்தை விற்ற லாபம், சொத்து மதிப்பைக் குறைத்த நட்டம் போன்றவற்றை நீக்கிவிடுவதால், ஒருமுறை வந்த லாபத்தைத் தொழில் லாபமாகக் காட்ட முடியாது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது பணத்தை அளப்பதில்லை. முற்றத்தில் சீட்டு ஒட்டி நின்ற சரக்கின் லாபமும் ஹெட்லைனுக்குள் வந்துவிடும்.

டோங்காட் ஹுலெட்ல என்ன நடந்துச்சு? நம்ம ஊர் சர்க்கரைக் கம்பெனியாச்சே.

நம் கொள்ளுத்தாத்தாக்கள் கரும்பு வெட்டிய மண் அது. அதனால் நம் வீடுகளில் இந்தக் கேள்வி வேறு கனத்தோடு வருகிறது.

2019 மே மாதக் கடைசியில், 2018 மார்ச் கணக்கை இனி நம்பவேண்டாம் என்று கம்பெனியே அறிவித்தது. பங்குதாரர் நிதி 3.5 முதல் 4.5 பில்லியன் ராண்ட் வரை குறையலாம் என்றது. ஜூனில் பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மறுகணக்கு முடிந்தபோது ஓட்டை முதலில் சொன்னதைவிட வெகு பெரிதாக, பத்து பில்லியனைத் தாண்டி இருந்தது. 2022 அக்டோபரில் கம்பெனி, கடன்காரர்களிடமிருந்து தற்காலிகப் பாதுகாப்புத் தரும் மீட்பு நடவடிக்கைக்குள் போனது.

வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட விசாரணையில் தெரிந்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன். நிலம் விற்ற வருமானத்தை எழுதவேண்டிய காலத்துக்கு முன்பே எழுதியிருந்தார்கள். அந்த வருடச் செலவாகப் போயிருக்க வேண்டியவற்றில் சிலவற்றைச் சொத்தாக மாற்றி எழுதியிருந்தார்கள். நிற்கும் கரும்பின் மதிப்பைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள்.

இந்த மூன்றையும் நாம் பேசிவந்த வரிகளில் வைத்துப் பாருங்கள். முன்கூட்டி எழுதிய நில விற்பனைக்குப் பணம் வராது, அது பாக்கியில் தேங்கும். செலவைச் சொத்தாக்கினால் லாபம் குறையாது, ஆனால் பணம் போய்விடும், அது மூலதனச் செலவு வரியில் தெரியும். அதனால்தான் தொழில் பணத்தோடு நிறுத்தாமல் மூலதனச் செலவையும் கழிக்கவேண்டும் என்கிறேன். வயலில் நிற்கும் கரும்பின் மதிப்பு கூடினால் அது லாபத்தில் ஏறும், பணப்புழக்க அறிக்கையிலோ பணமில்லாத வருமானம் என்று கழித்துக் காட்டவேண்டும். உள்ளே யார் எந்தத் தேதியை மாற்றினார்கள் என்று வெளியில் இருக்கும் நமக்குத் தெரிந்திருக்காது. ஒரு லாபத்துக்குப் பின்னால் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் நமக்கு முடியும்.

கரும்பு, மரம், பழத்தோட்டம் வைத்திருக்கும் எந்தக் கம்பெனியிலும் லாபத்தில் எவ்வளவு இப்படிப்பட்ட மதிப்பு ஏற்றம் என்று குறிப்பில் பாருங்கள். எத்தனை ஹெக்டேர், ஹெக்டேருக்கு எத்தனை டன், டன்னுக்கு என்ன விலை என்று ஊகம் செய்திருக்கிறார்கள் என்பதைப் போன வருட எண்ணோடு வைத்துப் பாருங்கள். மழை பொய்த்த வருடத்தில் விளைச்சல் ஊகம் கூடியிருந்தால், கேள்வி கேட்க நீங்கள் கணக்காளராக இருக்கத் தேவையில்லை. நம் ஊரில் கரும்பு தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

தணிக்கையாளர் கையெழுத்துப் போட்டிருக்காரே, அதை நம்பக்கூடாதா?

நம்பலாம், அதன் எல்லைக்குள். 2017 டிசம்பரில், மேசை நாற்காலிக் கடைகள் நடத்திய ஸ்டைன்ஹாஃப் கம்பெனி சரிந்தபோதும் முந்தைய வருடக் கணக்குகளில் கையெழுத்து இருந்தது. பிறகு வந்த விசாரணையில், 2009 முதல் 2017 வரை 6.5 பில்லியன் யூரோ அளவுக்குப் பொய்யான அல்லது முறையற்ற பரிவர்த்தனைகள் எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. அத்தனை ஏற்பாட்டோடு செய்யும் மோசடியில், நான் சொன்ன கணக்குகள் எச்சரிக்கலாம், எச்சரிக்காமலும் போகலாம். நூற்றுக்கணக்கான துணைக் கம்பெனிகள், ஓயாமல் இன்னொரு கம்பெனியை வாங்குவது என்று இருந்தால், பணத்தை வரிவரியாகத் தொடர்வதே முடியாமல் போகும். எனக்குத் தொடர முடியாத கணக்கில் என் குடும்பப் பணத்தை நான் போடுவதில்லை.

தணிக்கை அறிக்கையில் 'முக்கியத் தணிக்கை விஷயங்கள்' என்ற பகுதியைக் கட்டாயம் படியுங்கள். எந்த எண்ணில் அதிக ஊகம் இருந்தது என்று அவர்களே அங்கே சொல்லிவிடுவார்கள்.

பேங்க் பங்குக்கும் இதே கணக்குதானா?

இல்லை. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் கடனும் பாக்கியும்தான் சரக்கு, இந்த விகிதங்கள் அங்கே பொருந்தாது. கட்டட வாடகை நிறுவனங்களுக்குச் சொத்து மதிப்பில் கடன் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள்.

ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கேன், கணக்கு போட்டா சரியில்லாத மாதிரி இருக்கு. இப்ப என்ன பண்றது?

முதலில் அடுத்த அரையாண்டுக் கணக்கை எடுங்கள். மூன்றாம் வருட முடிவில் தேங்கிய 340 பாக்கி ஆறு மாதத்தில் இறங்கி, அதே அளவு பணம் தொழில் பகுதியில் வந்திருந்தால், உண்மையிலேயே தாமதம்தான் என்று ஏற்றுக்கொள்ளலாம். பாக்கி குறைந்தும் பணம் வரவில்லை என்றால், வசூலாகாமலே தள்ளுபடி செய்திருக்கிறார்கள்; பணம் வந்திருந்தாலும் அது பாக்கியை யாருக்கோ விற்று வந்ததாக இருக்கலாம். குறிப்பில் அது தெரியும்.

அப்புறம், உங்களுக்கு உரிமை ஒன்று இருக்கிறது, நம்மவர்கள் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். பங்கு ஒரு முகவர் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், கூட்டத்தில் கலந்துகொள்ள அனுமதிக் கடிதம் வேண்டும் என்று முகவரிடம் சில வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள். இப்போது பல கூட்டங்கள் இணையவழியில் நடப்பதால் ஜொஹானஸ்பர்க் போகவும் தேவையில்லை. கேள்வி சுருக்கமாக இருக்கட்டும்: 'தொண்ணூறு நாள் தாண்டிய பாக்கி 12-லிருந்து 95 ஆகியிருக்கிறது. ஒதுக்கீடு பாதியிலிருந்து ஏழில் ஒன்றாகக் குறைந்ததற்குக் காரணம் என்ன? அதில் இன்று வரை எவ்வளவு வசூலாகியிருக்கிறது?' நிதி இயக்குநர் ஒரு தொகையைச் சொன்னால் குறித்துக்கொண்டு அடுத்த கணக்கில் சரிபாருங்கள். தொகை சொல்லாமல் சந்தை நிலவரத்தைப் பற்றிப் பேசினால், என் அனுபவத்தில், அந்தப் பங்கை விற்பதற்கு அதுவே போதுமான காரணம்.